கட்டுப்படுத்தியதைக் குறைத்ததாக எழுதாதீர்கள்

பெங்களூரு பீன்யாவில் ஷீட் மெட்டல் பிரஸ் வேலை செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி மீட்டிங்கில் தமிழ் பேசும் சூப்பர்வைசர் எழுந்து, "சார், போன மாசத்தைவிட ஷீட்டு 600 கிலோ கம்மியா எடுத்திருக்கோம். கிலோ 70 ரூபா, 42,000 மிச்சம்" என்கிறார். முதலாளியும் அதைச் செலவுக் குறைப்புக் கணக்கில் ஏற்றிவிடுகிறார். இங்கேதான் தவறு தொடங்குகிறது.

அவர்கள் அடிப்பது ஒரு பிராக்கெட். ஒரு பீஸுக்கு 1.20 கிலோ ஷீட் என்பது அந்தப் பட்டறையின் ஸ்டாண்டர்ட். மாதம் 10,000 பீஸுக்கு 12,000 கிலோ போதும். போன மாதம் 12,600 கிலோ போயிருந்தது. ஷீட் பட்டையைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஸ்டாப்பர் தேய்ந்து ஸ்ட்ரிப் தள்ளித் தள்ளி ஓடியதில் பீஸ்கள் ரிஜெக்ட் ஆகியிருந்தன. இந்த மாதம் ஸ்டாப்பரை மாற்றினார்கள், பழைய அளவுக்கே வந்துவிட்டது. இது செலவுக் கட்டுப்பாடு. வைத்த அளவைத் தாண்டிப் போனதை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேலை நல்ல வேலை, ஆனால் பிராக்கெட்டின் அடக்கவிலை ஒரு பைசாகூட இறங்கவில்லை. இதை நம்பி கஸ்டமருக்கு விலை குறைத்துக் கொடுத்தால் கையைக் கடிக்கும்.

அந்த 42,000-மே தப்பு. வீணான ஷீட் ஸ்கிராப்பாகக் கிலோ 30 ரூபாய்க்குப் போயிருக்கும். ஆகவே தடுத்த நஷ்டம் 600 கிலோவுக்குக் கிலோ 40 ரூபாய் வீதம் 24,000 தான். ஸ்கிராப் வரவைக் கழிக்க மறப்பது பிரஸ் ஷாப்களில் அடிக்கடி நடக்கிறது.

இப்போது டூல் ரூம்காரர் ஒரு யோசனை சொல்கிறார். பீஸ்களை ஒரே திசையில் வரிசையாக வைக்காமல், ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் சற்றுச் சாய்த்து அடுக்கினால் இடைவெளி குறைந்து பீஸுக்கு 1.14 கிலோ போதும். ஷீட்டை வெட்டும் அச்சான டையை இதற்கேற்ப மாற்ற 1,80,000 ரூபாய் ஆகும். இது செலவுக் குறைப்பு, ஏனென்றால் ஸ்டாண்டர்டே கீழே இறங்குகிறது. பீஸுக்கு 60 கிராம், ஸ்கிராப் கழித்து 2 ரூபாய் 40 பைசா. 10,000 பீஸுக்கு மாதம் 24,000. போட்ட பணம் ஏழரை மாதத்தில் திரும்பும். இரண்டு கதையிலும் அதே 600 கிலோ, அதே 24,000. ஆனால் முன்னது போன மாதத்து ஓட்டையை அடைத்த கணக்கு. பின்னது அந்த டை ஓடும்வரை மாதாமாதம் வருவது.

ஓடும் என்றால், சரியாக ஓட வேண்டும். பீஸைச் சாய்த்து அடுக்கும்போது, ஷீட் ரோலிங் ஆன திசைக்கு இணையாக வளைவுக்கோடு வந்துவிட்டால் வளைக்கும் இடத்தில் விரிசல் விடும். பீஸுக்கும் பீஸுக்கும் நடுவே விடும் பட்டையை ரொம்ப ஒடுக்கினால் ஸ்ட்ரிப் டைக்குள் இழுபட்டு விளிம்பில் பர் என்னும் பிசிறு ஏறும். அதனால் சேமிப்பை எழுதுவதற்கு முன் வளைத்த பீஸின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், கஸ்டமரிடமிருந்து திரும்பி வருவதையும் சில மாதம் கவனியுங்கள். ரிஜெக்ட் செலவை அதே கணக்கில் கழித்தால்தான் உண்மை தெரியும்.

டை மாற்றிய அடுத்த மாதம் ஆர்டர் குறைந்து 8,000 பீஸ்தான் ஓடியது என்று வையுங்கள். ஷீட் செலவு 8,40,000-லிருந்து 6,38,400-க்கு இறங்கும். "2,01,600 மிச்சம்" என்று ஸ்லைடு போட்டுவிடுவார்கள். அதில் 1,68,000 உற்பத்தி குறைந்ததால் வந்தது. புது லே-அவுட் தந்தது 33,600, ஸ்கிராப் கழித்தால் 19,200. ஒரு மாதத்து மொத்தச் செலவை இன்னொரு மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். இந்த மாதம் அடித்த பீஸ்களுக்குப் பழைய அளவில் எவ்வளவு ஷீட் ஆகியிருக்கும் என்று பார்த்து, அதிலிருந்து உண்மையில் போனதைக் கழியுங்கள். ஸ்டோர் இஷ்யூ ஸ்லிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பிரஸ் பக்கத்தில் பாதி ஓடிக் கிடக்கும் காயிலையும் எடை போட வேண்டும். பழைய அளவுக்கும் உண்மையில் போனதற்கும் ஒரே விலையைப் போடுங்கள். சந்தையில் ஷீட் விலை இறங்கியிருந்தால் அது தனி வரி, டூல் ரூமின் சாதனை இல்லை.

பலர் கோட்டை விடும் இடம் இதற்குப் பிறகுதான். டை மாறியும் கணக்கில் 1.20 அப்படியே இருக்கும். மூன்று மாதம் கழித்து ஸ்டாப்பர் மறுபடி தேய்ந்து 1.17 போனாலும், ரிப்போர்ட் "பீஸுக்கு 30 கிராம் லாபம்" என்று பச்சையாகக் காட்டும். உண்மையில் 30 கிராம் நஷ்டம். புது டை சரிபார்த்து முடிந்த அன்றே ஸ்டாண்டர்டை 1.14 என்று மாற்றிவிட்டால் இந்தச் சறுக்கல் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நேரச் சேமிப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். பிரஸ்ஸில் ஒரு டையைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டும் நேரம் நாளுக்கு 40 நிமிடம் குறைந்தது என்றால் அதை உடனே ரூபாயாக்க முடியாது. ஆபரேட்டருக்குச் சம்பளம் அதேதான். ஓவர்டைம் இறங்கியிருந்தாலோ, அந்த நேரத்தில் கூடுதலாக அடித்த பீஸ் விற்றுப் போயிருந்தாலோதான் அதற்குப் பணக் கணக்கு உண்டு.