கடை முகவரி மாறினால் வங்கிக்கு எழுதும் கடிதம்

இந்தக் கடிதம் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் உண்டு: கடிதத்தில் உள்ள புது முகவரியும் தொழில் பதிவுச் சான்றில் உள்ளதும் ஒத்துப்போகாது. கடிதத்தில் "முதல் மாடி" என்று இருக்கும், சான்றில் அது இருக்காது. அதனால் முதலில் தொழில் பதிவுச் சான்றில் முகவரியை மாற்றுங்கள். அப்புறம் அதை எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கடிதத்தில் எழுதுங்கள். பழைய முகவரியை வங்கிப் பதிவில் உள்ளபடியே எழுத வேண்டும்.

கடிதத்தின் நடுப்பகுதி இவ்வளவு போதும்:

"எங்கள் கடையின் நடப்புக் கணக்கு (எண் …) பழைய முகவரியில் பதிவாகியுள்ளது. … தேதி முதல் கீழ்க்காணும் முகவரியில் இயங்கி வருகிறோம். பதிவு முகவரி, கடிதப் போக்குவரத்து முகவரி இரண்டையும் மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். சான்றின் நகல் இணைத்துள்ளேன்."

"இரண்டையும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பல வங்கிகளில் இவை தனித்தனிப் பதிவுகள். ஒன்று மட்டும் மாறினால் காசோலைப் புத்தகம் பழைய கடைக்கே போய்விடலாம். கடனும் கார்டு இயந்திரமும் இருந்தால் அவற்றின் எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.

கையெழுத்து வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியுடன் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கணக்கு அறிக்கையில் புது முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.