வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தீராத சோர்வு: வேலையிடத்தில் மாற்றம் கேட்பது எப்படி?

காய்ச்சல் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக வேலை பார்த்தால் இரண்டு நாள் கழித்து எழுந்திருக்க முடியவில்லை. கொரோனா, டெங்கு, சிக்குன்குனியா, சாதாரண ஃப்ளூ என்று பல வைரஸ்களுக்குப் பிறகும் சிலருக்கு இப்படி ஆகிறது. இந்த நிலையில் வேலையை விடாமல், மேலதிகாரியிடம் எதை, எப்படிக் கேட்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: சோர்வு எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

சாதாரணக் களைப்பு வேலை முடிந்ததும் வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். இந்தச் சோர்வு தாமதமாக வரும். அளவை மீறி உடலையோ மூளையையோ உழைக்கவைத்தால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து ஆளை அடித்துப்போடும். அப்புறம் சில நாட்கள், சிலருக்கு வாரக்கணக்கில் கூட நீடிக்கும். நோயாளிகள் இதை 'கிராஷ்' என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலையிடத்தில் வரும் தகராறில் பாதிக்கு இந்தத் தாமதம்தான் காரணம். திங்கட்கிழமை நீங்கள் நன்றாக வேலை செய்ததை மேனேஜர் பார்க்கிறார். செவ்வாயும் சிரித்துப் பேசினீர்கள். புதன்கிழமை விடுப்பு என்றால் அவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்று கேட்பார்.

எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். நீளமாக வேண்டாம், எழுதுவதே களைப்பாகிவிடும். என்ன செய்தேன், எவ்வளவு நேரம், அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி இருந்தேன், இவ்வளவு போதும். கணக்குப் பிரிவில் பில் சரிபார்க்கும் ஒருவரின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

> திங்கள்: அலுவலகம் போனேன். 90 நிமிட மீட்டிங். பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளியில்லாமல் பில் பார்த்தேன். மாலை பரவாயில்லை.
> செவ்வாய்: மறுபடி அலுவலகம். தலை கொஞ்சம் கனம், வேலை ஓடியது.
> புதன்: எழ முடியவில்லை. ஒரே பில்லை மூன்று முறை படித்தும் தொகை மனதில் நிற்கவில்லை. விடுப்பு.
> வியாழன்: பாதி நாள் படுக்கை.

அடுத்த வாரமும் மீட்டிங்கும் அலுவலகப் பயணமும் ஒரே நாளில் சேர்ந்து, மறுநாளும் பயணம் இருந்தபோதுதான் அவர் விழுந்தார். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் அதே அளவு பில்களை முடித்தும் விழவில்லை. அப்படியென்றால் அவருக்குச் சிக்கல் பில் வேலையில் இல்லை, பயணமும் நீண்ட மீட்டிங்கும் அடுத்தடுத்து வருவதில்தான் இருக்கிறது. உங்கள் குறிப்பிலும் இப்படி ஒரு கோர்வை தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 2: மருத்துவரிடம் இரண்டு காரியங்கள்

முதலில், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது போன்றவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சை உண்டு.

அடுத்தது சான்றிதழ். "வைரஸுக்குப் பிந்தைய சோர்வு, ஓய்வு தேவை" என்று ஒற்றை வரியில் வாங்கினால் அதை வைத்து எச்ஆர் எதுவும் செய்ய முடியாது. உங்களால் எது முடியாது, எவ்வளவு நேரம்தான் முடியும், மீறினால் என்ன ஆகிறது, எத்தனை மாதம் நீடிக்கலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். குறிப்பு நோட்டைக் கையில் கொண்டுபோனால் மருத்துவருக்கும் எழுதுவது எளிது.

படி 3: இது ஊனமாகக் கருதப்படுமா?

கருதப்படலாம். சட்டங்கள் பெரும்பாலும் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. அன்றாடச் செயல்களை அது எவ்வளவு கட்டிப்போடுகிறது, எவ்வளவு காலம் என்றே பார்க்கின்றன. 2021 ஜூலையில், நீடித்த கோவிட் ஊனமாகக் கருதப்படலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் 12 மாதம் நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்க வாய்ப்பிருக்க வேண்டும். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமையாகாத நியாயமான மாற்றத்தை மறுப்பதைப் பாகுபாடு என்றே சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தின் அளவுகோலைப் பார்த்துவிடுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்பே ஊனச் சான்று கையில் இருந்தாக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் மருத்துவர் கடிதத்திலேயே சம்மதித்துவிடும்.

படி 4: ஓய்வைக் கேட்காதீர்கள், வேலையின் வடிவத்தை மாற்றக் கேளுங்கள்

விழுந்த பிறகு விடுப்பு கேட்பது எல்லாரும் செய்வது. விழாமல் இருக்க என்ன மாற வேண்டும் என்று கேட்பதுதான் பயன்தரும். நம் பில் சரிபார்ப்பவரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

> வைரஸ் காய்ச்சலுக்குப் பின், உடல் அல்லது மூளை உழைப்பு அளவை மீறினால் இரண்டு நாள் கழித்து எனக்குக் கடும் சோர்வு வருகிறது. மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன். என் பணியைத் தொடர்ந்து செய்யக் கீழ்க்கண்ட மாற்றங்களை எட்டு வாரச் சோதனையாகக் கேட்கிறேன்: அலுவலகத்துக்கு வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல்; அலுவலகம் வராத நாளில் மட்டும் மீட்டிங், அதுவும் 30 நிமிடத்துக்குள்; 50 நிமிட வேலைக்குப் பின் 10 நிமிட இடைவெளி; மாத இறுதி வேலையை மூன்று நாளாகப் பிரித்துத் தருதல். எட்டாவது வார இறுதியில் சேர்ந்து பரிசீலிக்கலாம்.

கோரிக்கைகள் பெரும்பாலும் குறிப்பில் தெரிந்த ஒரு காரணத்துக்கு நேராக இருப்பதைக் கவனியுங்கள். இடைவெளியும் களைத்த பிறகு எடுப்பதல்ல, களைப்பதற்கு முன்பே எடுப்பது. வேலை நேரத்தைக் குறைக்க இவர் கேட்கவில்லை. நேரம் குறைந்தால் சம்பளமும் குறையலாம் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. குறைத்தே ஆக வேண்டும் என்றால் வேலை அளவும் குறைகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எட்டு மணி நேர வேலையை ஐந்து மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் கிராஷ் இன்னும் சீக்கிரம் வரும்.

மருத்துவ விவரம் எச்ஆரோடு இருக்கட்டும். உடன் வேலை செய்பவர்களுக்கு எந்த நாள் வருவீர்கள், எப்போது கிடைப்பீர்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

படி 5: "படிப்படியாகக் கூட்டுவோம்" என்றால் உஷார்

நல்ல மனதுடன் வரும் யோசனை இது. முதல் வாரம் நான்கு மணி நேரம், அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் ஆறு. மற்ற பல நோய்களுக்கு இது சரி. ஆனால் கிராஷ் வருகிறவர்களுக்கு, உடல் என்ன சொன்னாலும் காலண்டர் பார்த்துக் கூட்டுவது ஆபத்து. நாள்பட்ட சோர்வு நோய்க்கு இப்படி உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தரக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வழிகாட்டுதலையே மாற்றியது.

மறுத்துப் பேசாமல் நிபந்தனையை மட்டும் மாற்றுங்கள்: "இரண்டு வாரம் தொடர்ந்து கிராஷ் இல்லாவிட்டால் அரை மணி நேரம் கூட்டலாம், வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பலாம்." மேனேஜருக்கும் ஒரு திட்டம் கிடைக்கும், உங்களுக்கும் தடுப்பு இருக்கும்.

படி 6: பலன் தருகிறதா என்று பார்ப்பது

"இப்போ எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு விடை தேடாதீர்கள். மாதத்துக்கு எத்தனை நாள் விழுந்தீர்கள் என்று எண்ணுங்கள், கூடவே முடித்த வேலையையும். கிராஷ் குறைந்து வேலை குறையாமல் இருந்தால் பரிசீலனைக் கூட்டத்தில் அதுவே போதும். கிராஷ் குறையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் நல்ல நாட்கள்தான். தெம்பாக இருக்கிறதே என்று தேங்கிய வேலை முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிடத் தோன்றும், இரண்டு நாளில் அதற்கான பில் வரும். வீட்டு வேலையும் இதே கணக்கில்தான் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் கோரிக்கையை நிறுவனம் மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மறுத்த மாற்றத்துக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்புக்கொண்டாலும் அது எழுத்தில், உங்கள் பணிக் கோப்பில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையில் கிடைத்த ஏற்பாடு, அந்த மேனேஜர் மாறிப்போகும் நாளோடு போய்விடும்.