பலகைப் படத்தில் எழுத்து மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைப் பலகையோ மெனு அட்டையோ, படத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் பொருத்தப் பழகுகிறவர்களின் வேலையை அடிக்கடி பார்க்கிறேன். நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய எழுத்து அரைகுறையாகத் தெரிவது போன்றவை அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும். எங்கோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை என்கிற வகைத் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சொல்லின் மூலைகளைப் பிடித்து இழுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில், பழைய சொல் இருந்த இடத்தைச் சுற்றி மனதுக்குள் ஒரு கட்டம் போட்டு, புதுச் சொல்லின் நான்கு மூலைகளை அதில் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் சொல்லின் கட்டம் எழுத்துக்கு எழுத்து மாறும். ‘பட’ என்பது ஒரே உயரத்தில் நிற்கும். ‘குழி’ கீழேயும் இறங்கும், மேலேயும் ஏறும். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் ‘குழி’யின் எழுத்துகள் மட்டும் சிறுத்துவிடும்.

இது கோணத் தவறாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. எழுத்துரு பொருந்தவில்லை என்றே தோன்றும். என்னிடம் வேலை பழகிய ஒருவர், வாடிக்கையாளர் “ஏதோ ஒட்டவில்லை” என்று திருப்பி அனுப்பிய படத்துக்கு மாலை முழுவதும் எழுத்துரு மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் போட்டதே சரியான எழுத்துரு.

சொல்லை விட்டுவிட்டுப் பலகையின் நான்கு மூலைகளைப் பிடியுங்கள். ஒரு பலகையின் இடது ஓரம் படத்தில் 420 பிக்சல் உயரம், வலது ஓரம் 280, இடையே அகலம் 1000 என்று வைத்துக்கொள்வோம். பலகையின் உண்மையான நடுப்புள்ளி எங்கே விழும்? 500இல் இல்லை, இடப்பக்கத்திலிருந்து 600இல் விழும். வலப்பக்கம் தூரத்தில் இருப்பதால் அந்தப் பாதி சுருங்கி, மீதமுள்ள 400 பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. எழுத்துகளின் அகலமும் இடைவெளியும் அதே கணக்கில் குறைந்துகொண்டே போக வேண்டும். கணக்குப் போடப் பிடிக்காவிட்டால் பலகையின் எதிரெதிர் மூலைகளை இரண்டு கோடுகளால் இணையுங்கள். அவை வெட்டும் இடமே நடு.

ஃபோட்டோஷாப்பில் செய்முறை இது. பலகையின் நீள அகல விகிதத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன்மேல் சொல்லை நேராகத் தட்டச்சு செய்யுங்கள். இரண்டு லேயரையும் தேர்ந்தெடுத்து Convert to Smart Object கொடுங்கள். அப்புறம் Distort மூலம் செவ்வகத்தின் மூலைகளைப் பலகையின் மூலைகளில் வையுங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத் திறந்து செவ்வகத்தை மறைத்துச் சேமித்தால் சொல் மட்டும் நிற்கும். நாளைக்குச் சொல் மாறினாலும் உள்ளே போய் மாற்றினால் போதும், கோணம் அப்படியே இருக்கும்.

நீள அகல விகிதத்தில் கவனம் தேவை. அது தப்பினால் புது எழுத்துகள் குண்டாகவோ ஒல்லியாகவோ வரும். பலகையை அளக்க முடியாதென்றால், படத்தின் நகலில் பலகையை நேராக்கி, அதில் வட்டமான எதையாவது பாருங்கள். ஃ-இன் புள்ளிகூடப் போதும். அது முட்டை வடிவில் தெரிந்தால் வட்டமாகும்வரை அகலத்தைச் சரிசெய்யுங்கள். எழுத்துருவை ஒப்பிட்டுத் தேடுவதும் இந்த நேரான நகலில்தான்.

தொய்ந்த துணிப் பதாகைக்கு இந்த முறை உதவாது. அங்கே Warp தேவை.

ஒரே நிறத்தில் நிரப்புவது

மேலே விளக்கு எரியும் பலகையில் எழுத்தின் மேல்பகுதி வெளிறியும் கீழ்ப்பகுதி அடர்ந்தும் இருக்கும். பழைய எழுத்தை அழிப்பதற்கு முன்பே அதன் மேல், கீழ், இரு ஓரங்களில் நிறத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மை என்று நினைப்பது, பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம் பட்டு நீலம் கலந்த அடர் சாம்பலாக இருக்கும். அங்கே `#000000` போட்டால் எழுத்து பலகையை விட்டு முன்னே வந்து நிற்கும்.

நிழலை வெளியே போடுவது

புடைப்பு எழுத்தின் நிழலை ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்கு உள்ளேயே போடுங்கள். அப்போதுதான் அதுவும் கோணத்தோடு சாயும்.

கூர்மையான ஓரம்

புது எழுத்தின் ஓரம் படத்தின் மற்ற எழுத்துகளைவிடக் கூர்மையாக நின்றால் ஒட்டாது. அதற்கு முதலில் மங்கல் கொடுங்கள், பிறகு மணல்துகள் போன்ற இரைச்சல். வரிசையை மாற்றினால் இரைச்சலும் மங்கிவிடும். எவ்வளவு மங்கல் என்பதை, அதே படத்தில் நீங்கள் தொடாத ஓர் எழுத்தின் ஓரத்தை 200% பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.