பார்வை விகிதத்தை மட்டும் பார்த்து விளம்பரத்தை வெட்டாதீர்கள்

யூடியூபில் ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்துக்கு 5 வினாடி கழித்து ஸ்கிப் பட்டன் வரும். பார்ப்பவர் 30 வினாடி வரை இருந்தாலோ, விளம்பரம் அதைவிடச் சிறியதாக இருந்து அதை முழுவதும் பார்த்தாலோ, இடையில் அதைச் சொடுக்கினாலோதான் அது ஒரு பார்வையாகக் கணக்கில் ஏறும். காட்டிய தடவைகளில் எத்தனை சதவீதம் பார்வையாக ஏறியது என்பதே பார்வை விகிதம். வெவ்வேறு நீளமுள்ள இரண்டு விளம்பரங்களின் பார்வை விகிதத்தை அருகருகே வைத்து, எண் பெரிதாக இருப்பதே நல்ல படம் என்று முடிவு கட்டுவது இந்த விதியை மறப்பதால் வரும் தவறு.

பத்தமடைப் பாய் விற்கும் ஒரு கடை, திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் 40 வினாடிப் படம் ஒன்றையும் 20 வினாடிப் படம் ஒன்றையும் தலா 10,000 முறை காட்டியதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நீண்ட படத்துக்குப் பார்வை விகிதம் 18 சதவீதம், குறும்படத்துக்கு 26 சதவீதம். நீண்டதை நிறுத்திவிடலாம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் விளம்பர அறிக்கையில் 25, 50, 75, 100 சதவீதம் வரை ஓடியவை என்று தனித்தனி நிரல்கள் இருக்கின்றன. அவற்றை வினாடியாக மாற்றிப் படிக்க வேண்டும். நீண்ட படத்தின் 50 சதவீதம் என்பது 20-ஆவது வினாடி. அங்கே 29 சதவீதம் பேர் இருந்தால், அதே வினாடியில் 26 சதவீதம் பேரை மட்டும் நிறுத்திய குறும்படத்தைவிட அது நன்றாகவே பிடித்து வைத்திருக்கிறது. குறும்படத்தின் 25 சதவீதமோ 5-ஆவது வினாடி. ஸ்கிப் செய்ய வழியே இல்லாத அந்த நேரத்து எண் பெரிதாக இருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சராசரிப் பார்வை நேரம் இன்னும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஏழு பேர் 6-ஆவது வினாடியில் போய், மூன்று பேர் 40 வினாடியும் பார்த்தால் சராசரி 16 வினாடி வரும். ஆனால் 16-ஆவது வினாடியில் எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை. அதை நம்பிப் படத்தை 16 வினாடிக்கு வெட்டினால், இருந்த மூவரிடம் விலை சொல்லும் இடமும் போய்விடும்.

பட்டன் வந்தவுடன் ஏற்படும் சரிவு எந்தப் படத்துக்கும் உண்டு. அதற்கு 6-ஆவது வினாடிக் காட்சியைக் குறை சொல்வது வீண். முதல் 5 வினாடியில் என்ன இருந்தது என்பதே கேள்வி. தாமிரபரணியை ட்ரோனில் சுற்றிக் காட்டிவிட்டுப் பாயை 12-ஆவது வினாடியில் கொண்டுவந்தால், பாய் தேடுபவருக்கும் இருக்கக் காரணம் இல்லை. கோரைப் பாயை மடித்துக் காட்டும் கையில் படத்தைத் தொடங்கி, மீதியைத் தொடாமல், அதே பார்வையாளர்களுக்குக் காட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நடுவில் எங்காவது தனியாக ஒரு செங்குத்துச் சரிவு தெரிந்தால், அந்த வினாடிக் காட்சியைத்தான் திருத்த வேண்டும்.

ஒப்பிடும்போது கைபேசி எண்ணையும் தொலைக்காட்சி எண்ணையும் பிரித்தே வையுங்கள். ரிமோட்டைத் தேடி எடுக்கச் சோம்பி உட்கார்ந்திருப்பவர்களால் தொலைக்காட்சியில் பார்வை விகிதம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.