மாலைக் கையளிப்புக் குறிப்பை எழுதுவது எப்படி: ‘முடிந்தது’ என்ற சொல் போதாது

மட்டக்களப்பில் இருந்துகொண்டு ரொறன்ரோவில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு மென்பொருள் வேலை செய்யும் சிறிய குழு ஒன்றில் நான் இருக்கிறேன். கோடை காலத்தில் இங்கு மாலை 6:30 ஆகும்போது அங்கு காலை 9:00 மணி. நாங்கள் கணினியை அணைத்துக் கல்லடிப் பாலத்தைத் தாண்டும் நேரத்தில்தான் அவர்கள் கோப்பியுடன் வந்து அமர்கிறார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் எங்களிடம் கேட்க வழியில்லை. நாங்கள் விட்டுச் சென்ற குறிப்பைத்தான் கேட்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் குறிப்பை எழுதும் முறையை நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கிலேயே இங்கு தருகிறேன்.

முதலில், எழுதுவதற்கு முன் சரிபாருங்கள்

மாலை 5:45 மணிக்குக் கோட் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். குறிப்பில் எழுதப்போகும் ஒவ்வொன்றும் உங்கள் கணினிக்கு வெளியே உண்மையாகவே இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அடுத்த பதினைந்து நிமிடங்கள். நான் இதைச் செய்யாமல் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒருநாள் அவசரத்தில் `git status` என்று அடித்துப் பார்த்தபோது திரையில் வந்தது இது:

```
On branch fix/refund-rounding
Your branch is ahead of 'origin/fix/refund-rounding' by 1 commit.
  (use "git push" to publish your local commits)

nothing to commit, working tree clean
```

என் கண் கடைசி வரியில் மட்டும் நின்றது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று எண்ணி, “கோட் அனுப்பப்பட்டுள்ளது” என்று குறிப்பில் எழுதிவிட்டுப் புறப்பட்டேன். இரண்டாவது வரி சொன்னதோ வேறு: ஒரு கொமிட் என் கணினியிலேயே தங்கியிருந்தது. அவர்கள் காலையில் பிராஞ்சைத் திறந்து பழைய கோட்டையே பரிசோதித்து, பிழை அப்படியே இருப்பதாகப் பதில் எழுதினார்கள். அதை நான் பார்த்தது மறுநாள் காலை 8:30 மணிக்கு. அப்போது அங்கு இரவு 11:00. ஒரு நிமிட வேலைக்கு ஒரு முழு நாள் போனது. ஆகவே “ahead” என்ற சொல் இருந்தால் குறிப்பை எழுதத் தொடங்காதீர்கள்.

அடுத்து, பணி எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்

‘முடிந்தது’ என்ற சொல்லை நான் குறிப்புகளில் அனுமதிப்பதில்லை. எழுதியவருக்கு அது கோட் எழுதி முடிந்தது. வாசிப்பவருக்கோ தமது பயனர்கள் இப்போதே பயன்படுத்தலாம் என்பது. இரண்டுக்கும் இடையில் மறுபார்வை, மேர்ஜ், ஸ்டேஜிங் சேவர், வாடிக்கையாளரின் பரிசோதனை, புரொடக்ஷன் என்று பல படிகள் இருக்கின்றன. எனவே நிலையைக் குறிக்கும்போது அந்தப் பணி எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படியை எடுத்து வைக்க வேண்டியவர் யார் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ‘90 வீதம் முடிந்தது’ என்பது அதைவிடப் பொல்லாதது, ஏனெனில் மீதிப் பத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வாசிப்பவருக்குத் தேவை.

தடைப்பட்ட பணிக்குத்தான் அதிக இடம் கொடுங்கள்

‘வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால், வாசிப்பவர் எந்தப் பதில் என்று தேடத் தொடங்குவார், அல்லது தேடாமல் விட்டுவிடுவார். எங்களுக்கு வந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். எழுதுபொருள் விற்கும் இணையக் கடையில், ஒவ்வொன்றும் 3.49 டொலர் விலையுள்ள மூன்று குறிப்பேடுகளை ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். ஒன்ராறியோவின் விற்பனை வரி 13 வீதம். வாங்கும்போது மொத்தமான 10.47 டொலருக்கு வரி கணக்கிடப்பட்டது, அது 1.3611, கிட்டிய சதத்துக்கு மட்டந்தட்டினால் 1.36. மீளளிப்புப் பகுதியோ ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக மட்டந்தட்டுகிறது, 0.4537 என்பது 0.45 ஆகி, மூன்றுக்கும் 1.35 வருகிறது. ஒரு சதம் குறைகிறது. எந்த முறையைப் பின்பற்றுவது என்பது கணக்காளர் தீர்மானிக்க வேண்டிய விடயம், நாங்கள் ஊகிக்கக் கூடாது.

இத்தகைய கேள்வியை, கூட்டம் எதுவும் கூட்டாமல் ஒரு எழுத்தால் பதில் சொல்லக்கூடியதாக அமைத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் அவர்கள் மறந்தாலும் உங்கள் மறுநாள் வீணாகாது. ஆனால் பணத்தைத் தொடும் மாற்றம் என்றால், பதில் வராதபோது செய்யும் வேலை ஸ்டேஜிங்கோடு நிற்க வேண்டும்.

இனி, குறிப்பு

வாடிக்கையாளருக்கு இது ஆங்கிலத்தில்தான் போகும். அமைப்பு விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்.

```
14 ஜூலை, செவ்வாய். மாலை 6:15 மட்டக்களப்பு / காலை 8:45 ரொறன்ரோ

உங்கள் தீர்மானம் தேவை
SHOP-118 மீளளிப்பில் ஒரு சதம் குறைகிறது.
  வரியை (அ) மொத்தத்துக்கு மட்டந்தட்டுவதா,
  (ஆ) ஒவ்வொரு பொருளுக்கும் மட்டந்தட்டுவதா?
  உங்கள் நேரம் செவ்வாய் இரவு 11:00 வரை பதில்
  இல்லையெனில் (அ) முறையை ஸ்டேஜிங்கில் மட்டும் இடுவோம்.

உங்கள் பரிசோதனை தேவை
SHOP-121 உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் தவறான திகதி.
  மேர்ஜ் ஆகி ஸ்டேஜிங்கில் உள்ளது. புரொடக்ஷனில் இல்லை.
  இரவு 8:00 மணிக்குப் பின் ஒரு ஓடர் இட்டுப் பாருங்கள்.

எங்களிடம் உள்ளது
SHOP-125 தேடல் வடிகட்டி. பிராஞ்ச்: feat/search-filter
  விலை வடிகட்டி வேலை செய்கிறது; நிற வடிகட்டி
  தொடங்கப்படவில்லை. மேர்ஜ் செய்ய வேண்டாம்.
```

ஒழுங்கைக் கவனியுங்கள். பணி எண்ணின்படியோ எங்களுக்கு எது பெரிய வேலை என்பதன்படியோ இது வரிசைப்படுத்தப்படவில்லை. அவர்களுடைய கையை எதிர்பார்ப்பது மேலே, எதிர்பார்க்காதது கீழே. அரைகுறையாக நிற்கும் SHOP-125 பற்றி எழுதும்போது செய்யாததையும் சொல்லியிருக்கிறோம். பிராஞ்ச் அங்கே இருப்பதைக் கண்டு யாராவது நல்லெண்ணத்தில் மேர்ஜ் செய்துவிட்டால், அதைப் பிரித்தெடுப்பது நமக்குத்தான் வேலை.

நேரமும் நாளும்

‘நாளை காலை’ என்று எழுதாதீர்கள். எங்கள் புதன் காலை அவர்களுக்குச் செவ்வாய் இரவு. ஆகவே அவர்களுடைய கிழமையையும் நேரத்தையும் எழுதுங்கள். 03/04 போன்ற திகதிகளையும் தவிர்த்து மாதத்தின் பெயரை இடுங்கள். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும்; குளிர்காலத்தில் எங்கள் மாலை 6:30 அவர்களுக்குக் காலை 8:00 ஆகிவிடும், நம் கடிகாரமோ மாறுவதில்லை. போயா தினம் வந்தால் இரண்டு நாட்களுக்கு முன்பே குறிப்பின் முதல் வரியில் சொல்லிவிடுங்கள், அங்கே அப்படியொரு விடுமுறை இருப்பது பலருக்குத் தெரியாது.

அனுப்புவதற்கு முன், குறிப்பை உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். அங்குள்ளவர் பெரும்பாலும் ரயிலில் வரும்போதுதான் முதன்முறை பார்ப்பார். விரலால் தள்ளாமல் தெரியும் பகுதியில் உங்கள் கேள்வி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.