சேல்ஸும் டெஸ்பாட்சும் மோதும் மெசேஜை எப்படித் திருத்தி எழுதுவது?

இரண்டு துறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமை தெரிந்திருக்கும். குரூப்பில் சண்டை சூடு பிடித்திருக்கும். யாராவது ஒருவர் உங்களிடம், "நீங்களே கொஞ்சம் பக்குவமாக எழுதிப் போடுங்கள்" என்பார். முதல்முறை செய்பவர்கள் உடனே "தயவுசெய்து", "மன்னிக்கவும்" என்று மேலே தூவத் தொடங்குவார்கள். அது உதவாது. மரியாதைச் சொற்களுக்குள்ளும் குற்றச்சாட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை செய்து பார்ப்போம். புதன்கிழமை காலை 11 மணி. சேல்ஸிலிருந்து ஒரு மெசேஜ்:

"நேத்தே சொல்லியாச்சு, இன்னும் லோடு கிளம்பல. ஒரு ஆர்டரைக்கூட டைமுக்கு அனுப்பத் தெரியாதா? கஸ்டமர் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. திட்டு வாங்குறது நாங்கதானே."

டெஸ்பாட்சின் பதில்:

"அட்ரஸே இல்லாம ஆர்டர் போட்டா எங்கே அனுப்புறது? எப்பவுமே இதே கதைதான். சாயங்காலம் 6 மணிக்கு மேல போட்டுட்டு உடனே அனுப்புன்னா எப்படி?"

படி 1: எழுதாதீர்கள், பிரித்து வையுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: நடந்தது, எதிர்த்துறையைப் பற்றிய நினைப்பு, வேண்டியது. ஒவ்வொரு வாக்கியமும் எதில் விழுகிறது என்று பாருங்கள். "லோடு கிளம்பல", "ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு", "6 மணிக்கு மேல போட்டீங்க", "அட்ரஸ் இல்ல" எல்லாம் நடந்தவை. "அனுப்பத் தெரியாதா", "இதே கதைதான்" இரண்டும் நினைப்பு. மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும். இவ்வளவு கோபத்திலும் யாரும் யாரிடமும் எதையும் தெளிவாகக் கேட்கவில்லை. பெரும்பாலான சண்டை மெசேஜ்களில் இந்தப் பத்திதான் காலியாக இருக்கிறது. நீங்கள் செய்யப்போகும் வேலையில் பாதி அதை நிரப்புவதுதான்.

படி 2: நடந்ததைச் சரிபாருங்கள்

பதிவைத் திறந்து பார்த்தபோது ஆர்டர் செவ்வாய் மாலை 6.20-க்கு ஏறியிருந்தது. 40 பெட்டி. டெலிவரி முகவரிக்கான இடத்தில் வாடிக்கையாளரின் பெயர் மட்டும் இருந்தது. அவருக்கு இரண்டு கிடங்குகள் உண்டு. "எப்பவுமே" என்பதையும் எண்ணிப் பார்த்தேன். முந்தைய மாதம் அந்த வாடிக்கையாளரின் 12 ஆர்டர்களில் 3-ல் முகவரி இல்லை. "எப்பவுமே" என்றால் எதிர்த்துறை மறுக்கும். "12-ல் 3" என்றால் மறுக்க இடமில்லை, ஆனால் அவமானமும் இல்லை.

படி 3: பொது நோக்கத்தைப் பொருளாகச் சொல்லுங்கள்

"நிறுவனத்தின் வளர்ச்சி", "வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதினால் இரு தரப்பும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். தோற்றால் இரண்டு துறையும் சேர்ந்து தோற்கிற ஒரு காரியத்தைத் தேடுங்கள். இங்கே அது: 40 பெட்டிகளும் வெள்ளி காலை வாடிக்கையாளரின் கிடங்கில் இருக்க வேண்டும். அதற்கு இன்று மாலை 4 மணி லாரியை விட்டால் வேறு வழியில்லை. பில், லேபிள், ஏற்றுவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும். அப்படியானால் முகவரி 1 மணிக்குள் தெரிய வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போட்டதும் மூன்றாவது பத்தி தானாக நிரம்பிவிட்டது, பாருங்கள்.

படி 4: முள்ளை எடுங்கள்

தமிழில் குத்தல் பெரும்பாலும் பெரிய சொற்களில் இருப்பதில்லை. சின்ன ஒட்டுகளில் இருக்கிறது. "அட்ரஸே", "ஆர்டரைக்கூட", "நாங்கதானே", "நேத்தே". இந்த ஒட்டுகளை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பப் படியுங்கள். மெசேஜின் சூடு பாதி இறங்கியிருக்கும், தகவல் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. கேள்வி வடிவில் வரும் குற்றச்சாட்டையும் ("எப்படி?", "தெரியாதா?") இதே கையோடு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வினைச்சொல். "முகவரியை விட்டுவிட்டீர்கள்" என்பது ஆளைக் காட்டுகிறது. "முகவரி விடுபட்டிருக்கிறது" என்பது பொருளைக் காட்டுகிறது. தாமதப்படுத்தினீர்கள், தாமதமானது, மாற்றினீர்கள், மாறியது. இப்படி இணை வினைகள் நம் மொழியில் நிறைய உண்டு. "அனுப்பப்படவில்லை", "நிரப்பப்படவில்லை" பக்கம் போகாதீர்கள். அது நடுநிலையாகத் தோன்றினாலும் விளக்கம் கேட்டு வரும் கடிதத்தின் வாசனை அடிக்கும்.

பிறகு "நாம்", "நாங்கள்". "நாங்கள்" எதிரில் இருப்பவரை வெளியே நிறுத்துகிறது. "நாம்" உள்ளே சேர்க்கிறது. அதனால் எல்லா இடத்திலும் "நாம்" போடலாம் என்று தோன்றும். வேண்டாம். "நாம் முகவரியைச் சரியாக நிரப்ப வேண்டும்" என்று டெஸ்பாட்ச் எழுதினால் அது பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோல் சேல்ஸின் காதில் விழும். பேசி முடிவெடுக்கும் இடத்தில் "நாம்" இருக்கட்டும். வேலையைச் சொல்லும் இடத்தில் துறையின் பெயரையே போடுங்கள்.

படி 5: இரண்டையும் ஒரே மெசேஜாக எழுதுங்கள்

நோக்கம், நிலவரம், யார் எப்போது என்ன, அப்புறம் மிச்சமுள்ள பிரச்சினை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

"வெள்ளி காலை 40 பெட்டிகளும் வாடிக்கையாளரின் கிடங்கில் இருக்க வேண்டும். இன்று மாலை 4 மணி லாரியில் ஏறினால் அது நடக்கும். ஆர்டர் செவ்வாய் மாலை 6.20-க்குப் பதிவானது, டெலிவரி முகவரி விடுபட்டிருக்கிறது. வாடிக்கையாளர் இன்று இரண்டு முறை அழைத்துக் கேட்டிருக்கிறார்.
சேல்ஸ்: இரண்டு கிடங்குகளில் எது என்று 1 மணிக்குள் இங்கே தெரிவிக்கவும்.
டெஸ்பாட்ச்: பெட்டிகளை இப்போதே எடுத்து வைத்து, ஏற்றியதும் லாரி எண்ணை 4.30-க்குள் பகிரவும்.
மாலை 6 மணிக்கு மேல் வரும் ஆர்டர்கள், முகவரி விடுபடுவது (போன மாதம் 12-ல் 3) இரண்டையும் வியாழன் காலை 10 மணிக்கு நாம் 15 நிமிடம் பேசுவோம்."

வாடிக்கையாளர் அழைத்ததை நான் நீக்கவில்லை. 6 மணி விஷயத்தையும் நீக்கவில்லை. நடுநிலை என்ற பெயரில் ஒரு தரப்பின் நியாயமான வருத்தத்தைத் துடைத்துவிட்டால், அது அடுத்த மெசேஜில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். கோபத்துக்குப் பின்னால் இருந்த தகவல் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

படி 6: போடும் முன் இருவரிடமும் காட்டுங்கள்

எழுதிய இருவருக்கும் தனித்தனியாக அனுப்பி, "நீங்கள் சொன்னதில் ஏதாவது விட்டுப்போனதா?" என்று மட்டும் கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பெயரில் நீங்களாகப் போடவே கூடாது. மூல மெசேஜ்களை அழிக்கவும் சொல்லாதீர்கள்.

சில மெசேஜ்களைத் திருத்தவே கூடாது. ஒருவரை இழிவாகப் பேசுவது, மிரட்டுவது இருந்தால் அது வார்த்தை மாறாமல் புகார் கவனிப்பவரிடம் போக வேண்டும். "அந்த ரேக் சாயுது, யாரும் கீழே நிக்காதீங்க" போன்ற எச்சரிக்கையையும் மென்மையாக்காதீர்கள்.

வேலை செய்ததா என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும். கிடங்கின் பெயரோ ஒரு நேரமோ வந்தால் சரி. "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று தொடங்கினால், உங்கள் மெசேஜில் எந்த வரி இன்னும் ஆளைக் காட்டுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நிலவரப் பகுதியில் ஒரு "-ஏ" ஒட்டிக்கொண்டிருக்கும்.