இன்வாய்ஸ் தொகைக்கேற்ப மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் 31 அன்று வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி உண்மைதானா என்று ஆடிட்டில் பார்க்கிறோம். எல்லா இன்வாய்ஸையும் பார்க்க நேரமில்லை. ₹2,00,000 இன்வாய்ஸுக்கு ₹20,000 இன்வாய்ஸைவிடப் பத்து மடங்கு வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி எடுக்க வேண்டும். இந்த முறையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் சம வாய்ப்பு. எந்த ரூபாய் சிக்குகிறதோ, அது இருக்கும் இன்வாய்ஸை எடுத்துப் பார்க்கிறோம். இந்த ஒரு வரியை மறக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

ஓர் உதாரணக் கணக்கு. பாக்கி இன்வாய்ஸ்களின் மொத்தம் ₹2,40,00,000. ஏற்கக்கூடிய அதிகபட்சப் பிழை ₹12,00,000. 95% நம்பகத்துக்கு, பிழையே வராது என்று எதிர்பார்த்தால், அந்தத் தொகையை 3 ஆல் வகுக்க வேண்டும். இடைவெளி ₹4,00,000 என்று வருகிறது. அதாவது ₹4,00,000-க்கு ஒரு ரூபாய் வீதம் 60 ரூபாய்கள் சிக்கும்; அவற்றைத்தான் கீழே புள்ளிகள் என்கிறோம்.

RAND-ஐத் தொகையால் பெருக்குவது

எக்செல்லில் பலர் செய்வது இது: `=RAND()*B2` என்று போட்டு, இறங்குவரிசையில் அடுக்கி, முதல் 60-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். தொகை சேர்ந்துவிட்டதால் சரிதான் என்று தோன்றும், ஆனால் சரியல்ல. ₹1,00,000, ₹10,000 என இரண்டே இன்வாய்ஸ் இருக்கிறது, ஒன்றை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சின்னதுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு 11-இல் 1, அதாவது சுமார் 9.1%. இந்தச் சூத்திரத்தில் சின்னது ஜெயிக்க, பெரியதற்கு விழும் RAND எண் 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி விழுந்தாலும் பாதி தடவைதான் சின்னது முந்தும். ஆக 5%தான். சின்ன இன்வாய்ஸ்கள் கிட்டத்தட்ட பாதியாக ஒதுக்கப்படுகின்றன. பட்டியல் நீளமானால் ஒவ்வொன்றின் வாய்ப்பு என்னவென்று சொல்லவே முடியாது, அதனால் பிறகு மொத்தத்துக்கு மதிப்பிடவும் வழியில்லை.

சரியான வழி, தொகைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், அந்தக் கூட்டுத்தொகையில் இடைவெளிக்கு ஒரு புள்ளியாக நடப்பது. 1-க்கும் 4,00,000-க்கும் இடையே ஓர் எண்ணை `RANDBETWEEN` மூலம் எடுத்து, அதை உடனே மதிப்பாக ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் மாறும். அடுத்த நாள் அதே மாதிரியை நிரூபிக்க முடியாது. தொடக்க எண்ணையும் இன்வாய்ஸ்களின் வரிசையையும் ஒர்க்கிங் பேப்பரில் எழுதிவைக்க வேண்டும். எண் விழுந்த பிறகு வரிசையை மாற்றி அடுக்கக் கூடாது.

தொடக்க எண் 1,37,520 என்றால் புள்ளிகள் 1,37,520, 5,37,520, 9,37,520, 13,37,520 என்று போகும்.

| இன்வாய்ஸ் | தொகை | கூட்டுத்தொகை | விழுந்த புள்ளிகள் |
|---|---|---|---|
| 1 | 82,000 | 82,000 | 0 |
| 2 | 1,45,000 | 2,27,000 | 1 |
| 3 | 24,000 | 2,51,000 | 0 |
| 4 | 9,10,000 | 11,61,000 | 2 |
| 5 | 60,000 | 12,21,000 | 0 |
| 6 | 1,30,000 | 13,51,000 | 1 |

தொகை B-யில், தொடக்க எண் F1-இல், இடைவெளி F2-இல் இருந்தால், C2, D2 இரண்டிலும் இவற்றைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
C2: =SUM($B$2:B2)
D2: =INT((C2-$F$1)/$F$2)-INT((C2-B2-$F$1)/$F$2)
```

கிரெடிட் நோட்டைப் பட்டியலிலேயே விடுவது

மைனஸ் தொகை ஒன்று நடுவில் வந்தால் கூட்டுத்தொகை பின்னால் போகும். ஏற்கெனவே கடந்த ரூபாய்களை அடுத்த இன்வாய்ஸ் மறுபடி கடக்கும். அங்கே புள்ளி இருந்தால் இரட்டை எண்ணிக்கை. கிரெடிட் நோட்டுக்கோ எந்த வாய்ப்பும் இருக்காது. ஆகவே கிரெடிட் நோட்டுகளைத் தனிப் பட்டியலாக்கித் தனியாகச் சோதிக்க வேண்டும். பட்டியலின் பிளஸ் மொத்தத்திலிருந்து கிரெடிட் நோட்டுகளைக் கழித்தால் லெட்ஜர் பாக்கி வருகிறதா என்று முதலில் ஒத்துப்பார்ப்பது அவசியம்.

பூஜ்யத் தொகைக்கும் இதே கதிதான்: ஒருபோதும் சிக்காது. குறைத்துக் காட்டிய இன்வாய்ஸுக்கும் வாய்ப்பு குறைவு. கணக்கில் குறைத்துக் காட்டியிருப்பார்கள் என்பதே உங்கள் சந்தேகம் என்றால் இந்த முறையை நம்ப வேண்டாம்.

பெரிய இன்வாய்ஸ் இரண்டு முறை விழுந்தால் "ஒன்று குறைகிறது" என்று நிரப்புவது

மேலே நான்காவது இன்வாய்ஸ் இரண்டு புள்ளிகளில் விழுந்தது. அது இடைவெளியைவிடப் பெரியது. தொடக்க எண் எதுவானாலும் சிக்கியே தீரும். நம் பட்டியலில் இப்படி 8 இன்வாய்ஸ், மொத்தம் ₹60,00,000 என்று கொள்வோம். அவற்றை முதலிலேயே பிரித்து நூறு சதவீதம் பார்த்துவிட்டு, மீதி ₹1,80,00,000-இல் அதே ₹4,00,000 இடைவெளியில் நடந்தால் 45 புள்ளிகள் கிடைக்கும். பார்ப்பது மொத்தம் 53 இன்வாய்ஸ். 60 வரவில்லையே என்று கையால் ஏழு சேர்த்தால் அந்த ஏழுக்கும் வாய்ப்பு எதுவும் வரையறுக்கப்படவில்லை. 53 போதும்.

கிடைக்காத இன்வாய்ஸுக்குப் பதில் பக்கத்து இன்வாய்ஸை எடுப்பதும் இதே வகைத் தவறு. இதில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் போலி விற்பனைக்குத்தான் ஆவணம் கிடைக்காது. மார்ச்சுக்குப் பின் வங்கியில் வந்த பணம், இ-வே பில், எல்ஆர் நகல் என்று வேறு சான்று தேடுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால், ஆடிட் மாதிரிக்கான தரநிலை SA 530 சொல்கிறபடி, அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிழைகளைக் கூட்டி, மாதிரித் தொகையால் வகுப்பது

மாதிரியைச் சரியாக எடுத்தவர்களும் கடைசியில் சறுக்கும் இடம் இது. 45 சிறிய இன்வாய்ஸ்களில் இரண்டில் பிழை என்று வைத்துக்கொள்வோம். ₹24,000 இன்வாய்ஸ் உண்மையில் ₹18,000. ₹1,60,000 இன்வாய்ஸ் உண்மையில் ₹1,44,000. பிழை மொத்தம் ₹22,000. மாதிரியின் மொத்தம் ₹54,00,000 என்றால், விகிதத்தைப் போட்டு ₹1,80,00,000-ஆல் பெருக்கினால் சுமார் ₹73,300 வரும்.

இது தப்பு. பெரிய இன்வாய்ஸ்கள் தேர்விலேயே அதிக வாய்ப்பு பெற்றுவிட்டன. தொகையால் மறுபடி எடைபோட்டால் இரட்டிப்பாகிறது. சிக்கிய ஒவ்வொரு ரூபாயும் ₹4,00,000-க்குப் பிரதிநிதி. எனவே அந்த இன்வாய்ஸ் எத்தனை சதவீதம் கெட்டிருக்கிறதோ, அந்தச் சதவீதத்தை இடைவெளியோடு பெருக்க வேண்டும். முதலாவது 25%, ஆகவே ₹1,00,000. இரண்டாவது 10%, ஆகவே ₹40,000. மதிப்பீடு ₹1,40,000, தவறான வழி ஏறக்குறைய பாதியைத்தான் காட்டியது. பெரிய 8-இல் ₹35,000 பிழை இருந்தால் அதைப் பெருக்கக் கூடாது, அப்படியே சேர்க்க வேண்டும். ஆக ₹1,75,000.

₹1,75,000-ஐ ₹12,00,000-உடன் ஒப்பிட்டு முடிப்பது

ஒப்பிட வேண்டியது, பிழை அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற மேல்வரம்பை. பிழையே சிக்காதபோதும் 3 × 4,00,000 = ₹12,00,000 அடிப்படையாக நிற்கும். அதன்மேல், பெரிய சதவீதம் முதலில் வரும்படி, 95% நம்பகத்துக்கான காரணிகளைக் கொண்டு முதல் பிழைக்கு 1.75 × 1,00,000, இரண்டாவதற்கு 1.55 × 40,000, பிறகு அந்த ₹35,000. மொத்தம் ₹14,72,000, ஏற்கக்கூடிய ₹12,00,000-ஐத் தாண்டிவிட்டது.

இது நடந்ததற்குக் காரணம் திட்டமிட்ட நாளிலேயே இருக்கிறது. பூஜ்யப் பிழை என்று வைத்து இடைவெளி போட்டால், ஒரு சின்னப் பிழை சிக்கினாலும் வரம்பு உடையும். போன வருடம் பிழை வந்த கணக்கு என்றால் எதிர்பார்க்கும் பிழையை 1.6 ஆல் பெருக்கிக் கழித்த பிறகே 3 ஆல் வகுக்க வேண்டும். ₹1,50,000 எதிர்பார்த்தால் 12,00,000-இலிருந்து 2,40,000 போக மீதி 9,60,000. இடைவெளி ₹3,20,000, புள்ளிகள் 75.